பிளஸ் டூ எழுதும் பெண்ணுக்கு வருட எண் 8: கடிதத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது?

வைகைக்கரை | 13-12-2025, இரவு 9.40

அக்கா மகள் பிறந்த தேதி 25-9-2008. வரும் மார்ச்சில் பிளஸ் டூ. வீட்டுக்கு வந்த பெரியப்பா ஒருவர் எண் கணிதம் பார்த்து, "பிறவி எண் ஏழு, விதி எண் எட்டு, வருஷமும் எட்டு, சனி மேல சனி" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் என்னிடம், "சித்தி, எட்டுன்னா என்ன அர்த்தம்? எழுதித் தாங்க" என்கிறாள். வாயால் சொன்னால் சமாதானம் சொல்வதாக நினைப்பாளாம், அதனால் கடிதம்தான் வேண்டுமாம்.

தைரியம் கொடுக்க வேண்டும், மார்க் வரும் என்று வாக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. முதல் வரியாக இதை வைத்திருக்கிறேன்: "எட்டு உழைப்புக்குப் பலன் தரும் வருடம். நீ உழைத்ததற்கு ஏற்றது வந்தே தீரும்." சரியா?

கொங்கு ராசு | 13-12-2025, இரவு 10.05

கணக்கே தப்பும்மா. பிறந்த தேதியை முழுசாகக் கூட்டினால் 2+5+9+2+0+0+8 = 26, அது 8, அதாவது விதி எண். அதோடு 2026-க்கு 1 சேர்த்தால் 9. பாப்பாவுக்கு ஓடப்போவது 9, செவ்வாய். பெரியப்பாவுக்குக் கூட்டத் தெரியவில்லை.

ஆனாலும் 7, 8 கலந்த ஜாதகம் கவனம். கருப்பு உடுத்தக் கூடாது, கருப்புப் பேனா தொடக் கூடாது.

தாமிரபரணி | 14-12-2025, காலை 6.15

ராசு அண்ணே, வருட எண்ணில் பிறந்த வருடம் சேராது. பிறந்த நாள், பிறந்த மாதம், நடக்கும் வருடம், இந்த மூன்றுதான். 25 என்றால் 7. செப்டம்பர் 9. இரண்டும் சேர்ந்து 16, அது 7. 2026-ஐக் கூட்டினால் 10, அது 1. ஆக 7+1 = 8. பெரியப்பாவின் கூட்டல் சரி. நீங்கள் பிறந்த வருடத்தையும் சேர்த்ததால் விதி எண்ணோடு 1 கூடி 9 வந்துவிட்டது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. விடை எப்படியும் ஒற்றை இலக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பெரியப்பா சறுக்கியது வேறு இடத்தில். எட்டுக்குச் சனி, ஏழுக்குக் கேது என்று கிரகம் ஒட்டுவது ஒரு மரபு. நம் ஊரில் கீரோ என்ற அயர்லாந்து ஜோதிடர் வழியில் வந்த பெயர் எண் கணிதத்தோடு பரவியது அது. ஒன்பது வருடச் சுற்று வேறு மரபு, அமெரிக்கப் பக்கம் வளர்ந்தது. அதில் கிரகமே கிடையாது. 1-இல் தொடங்கி 9-இல் முடிக்கும் ஒரு வேலையாக வருடங்களைப் பார்ப்பார்கள். அங்கே 7 தனியே உட்கார்ந்து ஆழமாகப் பார்ப்பது. 8 கணக்கு, நிர்வாகம், கையில் இருப்பதை ஒழுங்குபடுத்துவது. 9 முடித்து வைப்பது. சுற்றை அங்கிருந்தும் சனியை இங்கிருந்தும் எடுத்து ஒட்டினால்தான் "சனி வருடம்" என்று ஒன்று பிறக்கும். இரண்டில் எந்த மரபை எடுத்துக்கொண்டாலும் அது அந்தப் பெயரில் கிடையாது.

விதி எண் 8-ஐக் கடிதத்தில் தொடாதீர்கள். அது ஆயுள் முழுக்க மாறாதது. பரீட்சை வருடத்துக்கென்று அது புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை.

அந்த முதல் வரிக்கு இரவு வந்து எழுதுகிறேன். அதில் ஒரு பொறி இருக்கிறது.

கணக்கு வாத்தி | 14-12-2025, காலை 11.30

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பெண் பயந்துபோயிருக்கிறாள் என்பதால் ஒரு கணக்கு தருகிறேன்.

பிளஸ் டூ எழுதுபவர்கள் ஏறக்குறைய 8 லட்சம் பேர். வருட எண் ஒன்பது வகை. யாருக்கு எது வந்தாலும் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 88 ஆயிரம் பேர் வரை இதே எட்டோடுதான் ஹாலில் உட்காருவார்கள். இது மொத்தத்தில் 11 சதவீதம். 2025 மார்ச்சில் தேர்ச்சி 95.03%. தேறாதவர்கள் 5 சதவீதம்கூட இல்லை. அப்படித் தேறாத அத்தனை பேருமே எட்டுக்காரர்கள் என்று பெரியப்பாவுக்காக வைத்துக்கொள்வோம். அப்போதும் எட்டுக்காரர்களில் பாதிக்கு மேல் பாஸ்.

இதைக் கடிதத்தில் போடலாமே?

வைகைக்கரை | 14-12-2025, மதியம் 2.10

வாத்தியார், இதை அவளிடம் காட்டினேன். சிரித்தாள். ஆனால் கடிதத்தில் வேண்டாம் என்று படுகிறது. அவள் பயம் பாஸைப் பற்றியது இல்லை. கட் ஆஃப் பற்றியது.

மலர்ச்சோலை | 14-12-2025, மாலை 4.45

என் பையன் 12-6-2010, பத்தாம் வகுப்பு. 3+6 = 9, 2025-க்கு 9, மொத்தம் 18, அது 9. ஒன்பது முடிவு என்று போட்டிருக்கிறதே, படிப்பே முடிந்துவிடுமா? அவனுக்கும் ஒரு கடிதம் யாராவது எழுதித் தர முடியுமா? எந்த நிறப் பேனா வாங்கலாம்?

தாமிரபரணி | 14-12-2025, இரவு 8.50

முதலில் மலர்ச்சோலை அம்மாவுக்கு. பள்ளி வருடம் 2025-இல் தொடங்கினாலும் பரீட்சை நடப்பது 2026-இல். 3+6+1 = 10, அது 1. ஜனவரியில் வருட எண் மாறும் என்று கொள்பவர்களுக்கு உங்கள் பையனுக்கு 1. பிறந்தநாளில்தான் மாறும் என்பவர்களுக்கு ஜூன் வரை 9. ஒன்பது என்றால் படிப்பு முடிந்துபோகும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. பாதியில் கிடப்பதை முடி என்பதுதான் அதன் பேச்சு. ரெக்கார்டு நோட்டில் வரையாமல் விட்ட படம், கடைசி இரண்டு பாடத்தின் புத்தகப் பின்பக்கக் கேள்விகள், இப்படி. 1 என்று எடுத்தால் எச்சரிக்கை வேறு: ஜனவரியில் புது கைடு, புது டியூஷன் என்று தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனாவுக்கு விடை வினாத்தாளிலேயே அச்சாகி வருகிறது. எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை, படம் வரையப் பென்சில். ராசு அண்ணன் பேச்சைக் கேட்டுக் கருப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, தலைப்புக்குப் பச்சை எழுதினால் வம்பு.

இப்போது அந்த முதல் வரி. "உழைத்ததற்கு ஏற்றது வந்தே தீரும்." இது வாக்கு இல்லாதது போல இருக்கும், ஆனால் வாக்குதான். மே மாதம் ரிசல்ட் வந்து அவள் நினைத்ததில் 20 குறைந்தால் இந்த வரி என்ன சொல்லும்? "அப்படியானால் நீ உழைக்கவில்லை" என்று சொல்லும். அவள் உழைத்தே இருப்பாள். ஒரு வினாத்தாள் கடினமாக வந்திருக்கும், அன்று காய்ச்சலாக இருந்திருக்கும். எண்ணின் பேரால் எழுதிய வாக்கு அவள் மேலேயே பழியாகத் திரும்பும். "மார்க் வரும்" என்று வெளிப்படையாக எழுதுவதைவிட இது மோசம். அது பொய்த்தால் சித்திக்குத் தெரியவில்லை என்று போய்விடும்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் வேலை செய்வது யார் என்று பாருங்கள். "எட்டு தரும், எட்டு கொண்டுவரும், எட்டு சோதிக்கும்" என்று எண் வேலை செய்தால் அடியுங்கள். "நீ எழுது, நீ பிரித்துப் பார்" என்று அவள் செய்வதாக இருந்தால் விடுங்கள். "நீ செய்தால் அது வரும்" என்பது இரண்டும் கலந்தது. அதில் பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை வைத்துக்கொள்ளலாம்.

கொங்கு ராசு | 14-12-2025, இரவு 9.30

பிறந்த வருடம் சேராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கருப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஆனால் மாத எண்ணை விட்டுவிட்டீர்களே. வருடம் 8, மார்ச் 3, மொத்தம் 11, அது 2. சந்திரன். மனசு அலையும் மாதம். இதைச் சொல்லி எச்சரிக்க வேண்டாமா? பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்.

தாமிரபரணி | 15-12-2025, காலை 6.00

மறுபடியும் கிரகம். சுற்றில் 2 என்றால் பொறுமை, அடுத்தவரோடு ஒத்துப்போவது. அதற்குள் போக வேண்டாம், ஏனென்றால் மாத எண்ணைச் சொன்னால் அடுத்து நாள் எண்ணைக் கேட்பாள். மாத எண்ணோடு தேதியைச் சேர்த்தால் நாள் எண். மார்ச் 2-க்கு 2+2 = 4. தேர்வு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. நம் வீடுகளில் நாலு என்றதும் என்ன நினைப்பார்கள்? பதினேழு வயதுப் பெண் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு இயற்பியலுக்கு என்ன, வேதியியலுக்கு என்ன என்று கூட்ட ஆரம்பித்தால் அந்த இரவு போச்சு. வருட எண்ணோடு நிறுத்துங்கள்.

பெயர் எழுத்து விஷயம் இந்த வருடம் வேண்டவே வேண்டாம். பள்ளி கொடுத்த பெயர்ப்பட்டியல்தான் ஹால் டிக்கெட்டுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் போகிறது. விடைத்தாளின் முகப்புத்தாள் பெயர், பதிவெண், படத்தோடு அச்சாகியே வரும். அவள் கையெழுத்துப் போட்டால் போதும். அங்கே கூடுதல் எழுத்தோடு புதுக் கையெழுத்து போட்டால் கண்காணிப்பாளர் நிறுத்திக் கேட்பார். முறைப்படி மாற்றுவதென்றால் அரசிதழ், ஆதார், பள்ளி என்று வரிசையாகப் போக வேண்டும். அதைக் கல்லூரிச் சேர்க்கை முடிந்தபிறகு பார்க்கலாம்.

கொங்கு ராசு | 15-12-2025, காலை 7.20

மார்ச்சுக்கு வந்தது 11. பதினொன்றை 2 ஆக்கக் கூடாது, அப்படியே வைக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் மாத எண்ணே மாறும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தாமிரபரணி | 15-12-2025, காலை 7.35

உண்டு. வருடம், பிறந்த எண் ஆகியவற்றில் மட்டும் 11-ஐ நிறுத்தி, மாதத்தில் குறைப்பவர்களும் உண்டு. தீராத வழக்கு. கடிதத்தில் மாதமே இல்லாததால் பாப்பாவுக்கு அது தேவைப்படாது.

பாலைத்திணை | 15-12-2025, பகல் 12.15

எல்லோரும் ஜனவரியை எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பிறந்தநாளிலிருந்துதான் வருடம் மாறும். பாப்பாவுக்கு 25-9-2025 முதல் 24-9-2026 வரை 7. பரீட்சை எட்டில் விழவே இல்லை. பிரச்சினை முடிந்தது.

வைகைக்கரை | 15-12-2025, மதியம் 1.00

பிரச்சினை இரட்டிப்பானது என்று சொல்லுங்கள். பெரியப்பாவிடம் 7 என்றால் கேது என்று ஆரம்பிப்பார்.

தாமிரபரணி | 15-12-2025, இரவு 9.10

பாலைத்திணை சொல்வதும் வழக்கத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு மார்ச் பரீட்சை இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மாட்டும். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. மார்ச்சுக்குள் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். நான் ஜனவரியை எடுப்பேன். நடக்கும் வருடத்தைக் கூட்டித்தான் எண்ணே வருகிறது, ஆகவே வருடம் மாறும்போது எண்ணும் மாறுவது இயல்பாகப் படுகிறது. இதற்கு மேல் நிரூபணம் என்னிடம் இல்லை, அவரிடமும் இருக்காது.

ஆனால் கடிதத்தில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். இரண்டையும் வைத்தால் எது நல்லதோ அதைச் சித்தி பொறுக்கி எடுத்துவிட்டாள் என்று நினைப்பாள். அவள் கேட்டது எட்டுக்கு அர்த்தம். எட்டையே சொல்லுங்கள். ஏழுக்கு நகர்த்தினால் எட்டு பயப்பட வேண்டிய எண்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

கணக்கு வாத்தி | 16-12-2025, காலை 10.40

"எட்டு கணக்குப் பார்ப்பது" என்றீர்கள். நம்புகிறேனோ இல்லையோ, இதற்கு உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது.

ஜனவரி 5 திங்கள் முதல் மார்ச் 1 வரை சரியாக எட்டு வாரம், எட்டு ஞாயிறு. (நானாகத் திட்டமிடவில்லை, நாட்காட்டி அப்படி.) ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம். திருத்தியபின் வந்த மார்க்கைப் பார்க்க வேண்டாம், போன மார்க்கை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தெரியாததால் போனது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் போனது.

இயற்பியல் எழுத்துத் தேர்வு 70. ஒரு மார்க் 15, இரண்டு மார்க்கில் 6, மூன்று மார்க்கில் 6, ஐந்து மார்க்கில் 5. ஒருத்தி 46 எடுத்தாள் என்று வைப்போம். போனது 24. அதில் தெரியாதது 9, கவனப்பிசகு 10, நேரம் 5 என்று வந்தால், அடுத்த வாரம் புதுப் பாடம் படிப்பதில் பெரிய லாபம் இல்லை. பத்து மார்க் அலகை விட்டதிலும் குறியை மாற்றிப் போட்டதிலும் போயிருக்கிறது. நேரத்தில் போன ஐந்து என்பது பெரும்பாலும் கடைசி ஐந்து மார்க் கேள்வி ஒன்றேதான். அதைச் சரிசெய்ய, ஒரு மார்க் பகுதிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காமல் பழக வேண்டும்.

பிள்ளைகள் இதில் ஏமாற்றுவது எங்கே என்றால், எல்லாவற்றையும் "கவனப்பிசகு" பத்தியில் எழுதுவது. அது கௌரவமான பத்தி. சோதிக்க வழி: அந்தக் கேள்வியை இரண்டு நாள் கழித்துப் புத்தகம் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். மறுபடி தவறினால் அது தெரியாதது.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு நடக்கும் வாரத்தில் இதை விட்டுவிடலாம்.

மலர்ச்சோலை | 16-12-2025, மாலை 5.20

பத்தாம் வகுப்புக்கும் இது ஆகுமா வாத்தியார்? பேனா நீலமே வாங்கிவிட்டேன்.

கணக்கு வாத்தி | 16-12-2025, மாலை 6.05

ஆகும். 1-க்கும் 9-க்கும்கூட ஆகும். அதுதான் என் சந்தேகமே.

தாமிரபரணி | 16-12-2025, இரவு 8.30

ஆகட்டுமே. அந்தப் பெண் எட்டைப் பற்றிக் கேட்டாள், எட்டின் வழியாகச் சொன்னால் காது கொடுப்பாள்.

வைகைக்கரை | 17-12-2025, இரவு 10.20

எழுதிவிட்டேன். ஒரு பக்கத்துக்குள் நிற்கிறது.

*பாப்பா,*

*எட்டுக்கு அர்த்தம் கேட்டாய். முதலில் அது எங்கிருந்து வந்தது என்று நீயே கூட்டிப் பார். 25, அது 7. செப்டம்பர் 9. சேர்த்தால் 16, அது 7. 2026-ஐக் கூட்டினால் 10, அது 1. 7+1 = 8. இதற்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 2017-லும் உனக்கு எட்டுதான். நீ மூன்றாம் வகுப்பு முடித்து நான்காவது போன வருடம்.*

*ஒன்பது வருடச் சுற்றில் எட்டைக் கணக்குப் பார்க்கும் வருடம் என்பார்கள். சனி, கேது எல்லாம் வேறு கணக்கு, இதில் கிடையாது. அதனால் நீயும் கணக்குப் பார். ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு வினாத்தாள். போன மார்க்கை மூன்று பத்தியாக எழுது: தெரியாதது, தவறியது, நேரம். எந்தப் பத்தி பெரிதோ அதற்கு அடுத்த வாரம்.*

*பத்தியில் பொய் எழுதாதே. அதை நான் பார்க்க மாட்டேன், அம்மாவும் பார்க்க மாட்டாள்.*

*உன் மார்க் இந்த எண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கேட்காமலே ஒன்று தெரியும்: இயற்பியலில் நீ படம் வரைந்து புரிந்துகொள்வாய், மனப்பாடம் செய்ய மாட்டாய். அதை மார்ச்சுக்காக மாற்ற வேண்டாம்.*

*பயப்படாதே, எட்டு உன்னைக் கைவிடாது.*

*சித்தி*

தாமிரபரணி | 18-12-2025, காலை 6.10

கடைசி வரியில் மறுபடி எட்டு வேலை செய்கிறது. அடியுங்கள். "பயப்படாதே" என்பதும் வேண்டாம், பயம் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது போல.

படம் வரைந்து புரிந்துகொள்வாய் என்ற வரி இருக்கிறதே, அதுதான் கடிதத்தின் தைரியம். அது எண்ணிலிருந்து வரவில்லை, நீங்கள் அவளைப் பார்த்ததிலிருந்து வந்தது. பணம் வாங்கி எழுதித் தருபவரால் அதை எழுத முடியாது. ஏற்கனவே நடந்த ஒன்றைச் சொல்வதால் ரிசல்ட் எப்படி வந்தாலும் பொய்யாகாது.

பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஹால் டிக்கெட் கையில் வரும் வாரத்தில் கொடுத்தால் அதைச் சகுனம் போலப் படிப்பாள், எட்டு ஞாயிறில் பெரும்பாலானவை போயிருக்கும்.

பாலைத்திணை | 18-12-2025, காலை 9.00

2017 வரியை எடுத்துவிடலாம். என் கணக்கில் அவளுக்கு 2017 செப்டம்பரில்தான் எட்டு தொடங்கியது. அப்போது ஏற்கனவே நான்காம் வகுப்பில் இருந்தாள்.

கொங்கு ராசு | 18-12-2025, காலை 9.25

வரி இருக்கட்டும். எட்டு வந்தும் பிள்ளை நன்றாகத்தானே படித்தது. அந்தக் கருப்புப் பேனாவை மட்டும் யோசியுங்கள்.

வைகைக்கரை | 18-12-2025, இரவு 9.55

கடைசி வரியை அடித்துவிட்டேன். 2017 இருக்கிறது. பேனா அவள் வைத்திருப்பதே கருப்பு ஜெல். எழுதிப் பழகிய கை, மாற்றச் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், கையில் கொடுக்கிறேன். பெரியப்பாவும் வருகிறாராம். அவருக்கு வாத்தியாரின் 11 சதவீதக் கணக்கை எடுத்து வைத்திருக்கிறேன்.